செலவுப் பட்டியலில் தெரியாத ஆபத்து: கொள்வனவை வகைப்படுத்தும் கலை

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே, வாகரைப் பிரதேசத்தில், திருகோணமலை வீதியில் பனிச்சங்கேணி அமைந்துள்ளது. களப்பை நம்பி வாழும் மக்களின் ஊர் அது. இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் விலையைப் பற்றி அங்கு நாள்தோறும் பேசப்படுகின்றது. ஆனால் அவற்றை உற்பத்தி செய்வதற்காகக் கொள்வனவு செய்யப்படும் பொருள்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. விற்பனையில் கிடைக்கும் இலாபம் கண்ணுக்குத் தெரிகின்றது. கொள்வனவில் இழக்கப்படும் பணம் கண்ணுக்குத் தெரியாமலேயே போய்விடுகின்றது.

இத்தகைய களப்புக் கரையில் ஓர் இறால் பண்ணை இயங்குவதாக வைத்துக்கொள்வோம். களப்பை அண்டி இறால் பண்ணைகள் அமைய வேண்டுமா, அதனால் சிறு மீனவரின் வாழ்வு என்னவாகும் என்ற கேள்விகள் முக்கியமானவை. அவை தனியே ஆராயப்பட வேண்டியவை. இங்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது, ஒரு பண்ணையோ கூட்டுறவுச் சங்கமோ தான் வாங்கும் பொருள்களையும் அவற்றை வழங்குவோரையும் எவ்வாறு வகைப்படுத்திக் கையாள வேண்டும் என்ற விடயத்தை மாத்திரமே. இறால் பண்ணையை உதாரணமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. வாங்கும் பொருள் ஒன்று உரிய வேளையில் வந்து சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதை அதனைவிடத் தெளிவாகக் காட்டும் தொழில்கள் குறைவு.

இரண்டு அளவுகோல்கள்

பொதுவாகப் பண்ணையாளர் தமது கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, எதற்கு அதிகம் செலவாகின்றதோ அதன் விலையைக் குறைப்பதிலேயே கவனம் செலுத்துகின்றனர். இது இயல்பானதே. ஆனால் இது பாதி உண்மை மாத்திரமே என்பதை 1983ஆம் ஆண்டில் பீட்டர் கிரால்ஜிக் என்னும் முகாமைத்துவ ஆலோசகர் ஹார்வர்ட் பிஸினஸ் ரிவியூ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் எடுத்துக் காட்டினார். 1970களின் எண்ணெய் நெருக்கடிகளும் மூலப்பொருள் தட்டுப்பாடுகளும் மேற்கு நாடுகளின் பெரும் நிறுவனங்களை உலுக்கியிருந்த காலம் அது. மலிவாக வாங்குவதில் கெட்டிக்காரர்களாக இருந்த நிறுவனங்கள் பலவற்றுக்கு, பொருள் கிடைக்காமலே போகலாம் என்ற நிலைமையை எதிர்கொள்ளும் ஆயத்தம் இருக்கவில்லை.

அவர் முன்வைத்த வழி எளிமையானது. வாங்கும் ஒவ்வொரு பொருளையும் இரண்டு கேள்விகளால் அளக்க வேண்டும். முதலாவது, அப்பொருள் நமது செலவையும் இலாபத்தையும் எவ்வளவு தூரம் பாதிக்கின்றது? இரண்டாவது, அது கிடைக்காமற் போகும் ஆபத்து எவ்வளவு? இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நான்கு வகைகள் தோன்றுகின்றன. செலவும் ஆபத்தும் குறைந்தவை சாதாரணப் பொருள்கள். செலவு அதிகமாகவும் ஆபத்து குறைவாகவும் உள்ளவை பேரம் பேசத்தக்க பொருள்கள். செலவு குறைவாயினும் ஆபத்து அதிகமாக உள்ளவை இடுக்குப் பொருள்கள். போத்தலின் கழுத்தைப் போல அவை எல்லாவற்றையும் தடுத்து நிறுத்தக் கூடியவை. இரண்டும் அதிகமாக உள்ளவை உயிர்நாடிப் பொருள்கள்.

முதற்படி: செலவை ஒன்றுசேர்த்தல்

தலா அரை ஹெக்டேயர் பரப்புள்ள நான்கு குளங்களைக் கொண்ட நமது பண்ணையில் சதுர மீற்றருக்குப் பத்து என்ற கணக்கில் கறுப்பு இறால் குஞ்சுகள் விடப்படுவதாகக் கொள்வோம். மொத்தம் 2 இலட்சம் குஞ்சுகள் தேவை. அவற்றுள் நூற்றுக்கு 70 பிழைத்து, சராசரி 30 கிராம் நிறையை அடையுமானால் அறுவடை 4,200 கிலோவாகும். ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்ற கணக்கில் 6,300 கிலோ தீவனம் செலவாகும்.

இப்போது அந்த அறுவடைக்கான எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் ஒன்றுசேர்க்க வேண்டும். கடைவாரியாகச் சேர்ப்பதில் பயனில்லை. பொருள்வாரியாகச் சேர்க்க வேண்டும். ஏற்றுகூலியையும் உரிய பொருளின் மீதே சுமத்த வேண்டும். அப்படிச் செய்யும்போது, நூறு ரூபாய்க் கொள்வனவில் தீவனத்துக்கு 55 ரூபாவும், டீசலுக்கும் மின்சாரத்துக்கும் 18 ரூபாவும், குஞ்சுகளுக்கு 10 ரூபாவும், சுண்ணாம்புக்கு 5 ரூபாவும், கிருமிநீக்கிக்கு 4 ரூபாவும், காற்றூட்டும் இயந்திரங்களின் உதிரிப்பாகங்களுக்கு 2 ரூபாவும், நோய்ப் பரிசோதனைக்கு 1 ரூபாவும், கயிறு, வலை, வாளி, கையுறை போன்றவற்றுக்கு எஞ்சிய 5 ரூபாவும் செலவாவதாகக் கொள்வோம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகளே. ஒவ்வொரு பண்ணையும் தனது சீட்டுகளிலிருந்து இவற்றைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இப்பட்டியலை மாத்திரம் பார்ப்பவர் தீவனத்தைப் பற்றியே யோசிப்பார். இரண்டு ரூபாய் உதிரிப்பாகம் அவரது கவனத்துக்கு வராது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கின்றது.

இரண்டாம் படி: ஆபத்தை அளத்தல்

ஆபத்து என்பது ஒரு மனப்பயம் அல்ல. அதனை நான்கு கேள்விகளால் அளந்துவிடலாம். இப்பொருளை வழங்கக் கூடியோர் எத்தனை பேர்? தீர்ந்துபோனால் எத்தனை நாளில் அல்லது எத்தனை மணித்தியாலத்தில் தீங்கு நேரும்? புதிதாக வந்து சேர எவ்வளவு காலம் எடுக்கும்? அதனைச் சேமித்து வைக்கவோ வேறொன்றால் ஈடுசெய்யவோ முடியுமா?

காற்றூட்டும் துடுப்புச் சக்கர இயந்திரத்தின் கியர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அறுவடைக்கு அண்மிய வாரங்களில் குளத்தில் இறாலின் எடையும் கழிவும் அதிகரித்திருக்கும். இரவில் பாசிகள் பிராணவாயுவை உற்பத்தி செய்வதில்லை. அவையும் அதனை உட்கொள்கின்றன. ஆகவே விடிவதற்குச் சற்று முன்னரே நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே அது இறங்கினால் இறால் தளர்ந்துவிடும். மேலும் இறங்கினால் ஒரே இரவில் குளம் முழுவதும் மடியலாம். அந்த வேளையில் ஒரு கியர் பெட்டி பழுதாகி, மாற்றுப் பெட்டி கொழும்பிலிருந்து வர மூன்று நாள் எடுக்குமானால், தீங்கு நேரும் காலம் சில மணித்தியாலம், பொருள் வந்து சேரும் காலம் மூன்று நாள் என்றாகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியே ஆபத்தின் உண்மையான அளவு.

ஒரே பொருளின் ஆபத்து இடத்துக்கு இடம் மாறும் என்பதும் இதிலிருந்து புலனாகும். கொழும்பில் அதே கியர் பெட்டி சாதாரணப் பொருள். அடுத்த தெருவில் வாங்கிவிடலாம். பனிச்சங்கேணியில் அது இடுக்குப் பொருள். எனவே பெரிய நிறுவனம் ஒன்று தயாரித்த வகைப்பாட்டைப் பிரதி செய்வதால் எவ்வித நன்மையும் இல்லை.

மூன்றாம் படி: வகைக்கேற்ற நடவடிக்கை

சாதாரணப் பொருள்களில் தொடங்குவோம். கயிறு, வாளி, கையுறை ஆகியவற்றுக்காக வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் வாரத்துக்கு மூன்று தடவை செல்வதும், ஒவ்வொரு தடவையும் விலை பேசுவதும் வீண். அவற்றின் விலையைவிடப் போக்குவரத்துக்கும் நேரத்துக்குமே அதிகம் செலவாகின்றது. ஒரு கடையுடன் மாதாந்தக் கணக்கு வைத்து, மாதம் ஒரு முறை சேர்த்து வாங்குவதே பொருத்தமானது. இங்கு மிச்சப்படுத்த வேண்டியது பணமல்ல, கவனம்.

சுண்ணாம்பு பேரம் பேசத்தக்க பொருள்களின் சாயல் கொண்டது. விற்போர் பலர், ஈரம் படாது வைத்தால் இருப்பில் வைக்கலாம். ஒரு பண்ணைக்கு அது சிறு செலவுதான். ஆனால் அயலிலுள்ள பண்ணைகள் பல ஒன்றுசேர்ந்து லொறிக் கணக்கில் வாங்குமானால் விலையிலும் ஏற்றுகூலியிலும் கணிசமான தொகை மிஞ்சும். இவ்வகைப் பொருளில் ஒரே வழங்குநரிடம் விசுவாசம் காட்டுவதற்கு வர்த்தக ரீதியான காரணம் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் மூவரிடமாவது விலை கேட்க வேண்டும்.

இடுக்குப் பொருள்களுக்கு இதற்கு நேர்மாறான அணுகுமுறை வேண்டும். கியர் பெட்டியில் ஐந்நூறு ரூபாய் குறைப்பதற்காக வழங்குநருடன் மல்லுக்கட்டுவது பேதைமை. ஒரு பெட்டியையும் இரண்டு மோட்டார் தாங்கிகளையும் வாங்கிக் களஞ்சியத்தில் வைத்துவிட வேண்டும். எல்லா இயந்திரங்களையும் ஒரே வகையாக வாங்கினால் ஒரு பெட்டியே அனைத்துக்கும் காப்பாக அமையும். நான்கு குளத்தில் நான்கு வகை இயந்திரம் இருந்தால் நான்கு பெட்டி தேவைப்படும். வாங்கும் நாளில் மலிவாகக் கிடைத்த வேறு வகை இயந்திரம் பின்னர் ஆபத்தை அதிகரிக்கின்றது என்பதைப் பலர் காலங்கடந்தே உணர்கின்றனர்.

ஆயினும் எல்லா இடுக்குப் பொருளையும் இருப்பு வைத்துத் தீர்த்துவிட முடியாது. கிருமிநீக்கியாகப் பயன்படும் குளோரின் தூள் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் வீரியம் இழந்துவிடும். பெயருக்கு அது களஞ்சியத்தில் இருக்கும், வேலை செய்யாது. ஆகையால் அதில் ஒரு பருவத் தேவைக்கு மேல் சேர்க்காமல், இரண்டாவது வழங்குநர் ஒருவரை முன்கூட்டியே அறிந்து வைத்து, இடையிடையே அவரிடமும் சிறிதளவு வாங்கி வர வேண்டும். நெருக்கடி வேளையில் முதன்முதலாகத் தொலைபேசியில் பேசுபவருக்கு எந்த வியாபாரியும் முன்னுரிமை கொடுப்பதில்லை.

பத்து ரூபாய்க் குஞ்சும் முழு அறுவடையும்

இனி உயிர்நாடிப் பொருளுக்கு வருவோம். நூறு ரூபாயில் பத்து ரூபாவையே எடுத்துக்கொள்ளும் குஞ்சுகள் இவ்வகையில் சேர்வது முதற்பார்வைக்கு வியப்பாக இருக்கும். கிரால்ஜிக்கின் முதலாவது கேள்வி செலவான தொகையை மாத்திரம் குறிப்பதல்ல. விளைபொருளின் தரத்தின் மீதும் இலாபத்தின் மீதும் அப்பொருள் ஏற்படுத்தும் தாக்கத்தையும் குறிப்பது. குஞ்சு நோயுற்றிருந்தால் மீதி 90 ரூபாவும் குளத்திலேயே கரைந்துவிடும்.

இலங்கையின் இறால் தொழில் இதனை அனுபவத்தில் கண்டது. 1996ஆம் ஆண்டில் வடமேற்கில் பரவிய வெண்புள்ளி நோய் புத்தளம், சிலாபம் பகுதிகளின் பண்ணைகளைப் பெரிதும் பாதித்தது. நோய் தொற்றிய குளத்தில் சில நாள்களுக்குள்ளேயே பெரும்பாலான இறால்கள் மடிந்துவிடும். குணப்படுத்தும் மருந்து கிடையாது.

குஞ்சுகளின் வழங்கலில் ஆபத்தும் அதிகம். நாட்டின் குஞ்சு பொரிப்பகங்கள் பெரும்பாலும் வடமேற்குக் கரையிலேயே உள்ளன. தீவின் குறுக்கே, பிராணவாயு நிரப்பிய பைகளில், குளிர்ந்த வேளையில் அவற்றைக் கொண்டுவர வேண்டும். களஞ்சியத்தில் வைக்க முடியாது. குளம் ஆயத்தமான நாளிலேயே அவை வந்து சேர வேண்டும். அத்துடன், கறுப்பு இறாலின் தாய் இறால்கள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்படுபவை. கடல் கொந்தளிக்கும் காலத்தில் தாய் இறால் கிடைக்காவிட்டால் எல்லாப் பொரிப்பகங்களும் ஏககாலத்தில் பாதிக்கப்படும். ஆகவே இரண்டு பொரிப்பகங்களுடன் தொடர்பு வைத்திருப்பது மாத்திரம் முழுப் பாதுகாப்பாகாது.

இந்நிலையில் செய்ய வேண்டியது என்ன? விலையைக் குறைக்கும்படி பொரிப்பகத்தை நெருக்குவதல்ல. திகதியையும் பரிசோதனையையும் எழுத்தில் உறுதிசெய்து கொள்வதே. குளத்தைத் தயார்செய்யத் தொடங்குவதற்கு முன்னரே முற்பணம் செலுத்தித் தொகுதியை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அனுப்புவதற்கு முன் அதே தொகுதியிலிருந்து மாதிரி எடுத்து வைரஸ் பரிசோதனை செய்விக்க வேண்டும். 150 குஞ்சுகளை எழுந்தமானமாக எடுத்துச் சோதித்தால், அத்தொகுதியில் நூற்றுக்கு இரண்டு வீதம் அல்லது அதற்கு மேல் தொற்று இருக்குமிடத்து அதனைக் கண்டுபிடிப்பதற்கு ஏறத்தாழ 95 வீத வாய்ப்பு உண்டு. பத்துக் குஞ்சுகளைச் சோதித்துவிட்டுப் பெறும் நற்சான்றிதழ் மன ஆறுதலை மட்டுமே தரும். நூறு ரூபாயில் ஒரு ரூபாயாக நின்ற பரிசோதனைச் செலவை மிச்சப்படுத்த முனைவது எத்தகைய தவறு என்பது இப்போது விளங்கும்.

கடனால் இடம் மாறும் தீவனம்

எல்லாவற்றையும்விட நுட்பமானது தீவனத்தின் நிலை. செலவில் பாதிக்கு மேல் அதுவே. தீவனமும் அதன் மூலப்பொருள்களும் பெரும்பாலும் இறக்குமதியானவை என்றாலும், விற்போர் ஒருவருக்கு மேற்பட்டோர் உள்ளனர். இயல்பாகப் பார்த்தால் இது பேரம் பேசத்தக்க பொருள். ஆனால் பண்ணையாளர் பலர் தீவனத்தைக் கடனுக்கே வாங்குகின்றனர். கடன் கொடுக்கும் முகவரே அறுவடையையும் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்போது, சந்தையில் பலர் இருந்தும், நமது பண்ணைக்கு வழங்குநர் ஒருவரே என்றாகின்றது. கடன்தான் இப்பொருளை ஆபத்தான பக்கத்துக்கு நகர்த்தியிருக்கின்றது.

இதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரொக்கத்துக்குக் கிலோ 600 ரூபாவாக உள்ள தீவனம் கடனுக்கு 630 ரூபா என்றும், முகவர் இறாலைச் சந்தை விலையிலும் கிலோவுக்கு 50 ரூபா குறைத்து எடுக்கின்றார் என்றும் கொள்வோம். 6,300 கிலோ தீவனத்தில் மேலதிகமாகச் செல்வது 1,89,000 ரூபா. 4,200 கிலோ இறாலில் இழப்பது 2,10,000 ரூபா. ஆக மொத்தம் 3,99,000 ரூபா.

அதே தீவனத்தின் ரொக்கப் பெறுமதி 37,80,000 ரூபா. இறால் வளர வளரவே தீவனம் அதிகம் தேவைப்படுவதால், அத்தொகை சராசரியாக இரண்டு மாதத்துக்கே கடனாக நிற்கும். வருடத்துக்கு நூற்றுக்கு 15 வீதம் என்ற செலவில் வேறு வழியில் நிதி திரட்டினால் 94,500 ரூபாவே ஆகும். வித்தியாசம் மூன்று இலட்சத்துக்கு மேல். வட்டி என்ற சொல்லே உச்சரிக்கப்படாத கொடுக்கல் வாங்கல் இது. விலைக்குள் ஒளிந்திருப்பதனால் அதன் பாரம் தெரிவதில்லை.

எனவே தீவன விடயத்தில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவது நோயை விட்டு நிழலைப் பிடிப்பது போன்றது. கூட்டுறவுச் சங்கம், இலாபப் பங்கீட்டு ஏற்பாடு, வங்கி ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு வழியில் முதல் மாதத் தீவனத்தையாவது ரொக்கத்துக்கு வாங்கத் தொடங்கினால் பேரம் பேசும் வலிமை சிறிது சிறிதாகத் திரும்பி வரும். அதே வேளை முகவரைப் பகைத்துக்கொள்வதும் விவேகமல்ல. இறால் விலை விழுந்த பருவத்தில் கடனை நீடித்தவரும் அவராகவே இருக்கலாம். அந்தப் பாதுகாப்புக்கும் ஒரு பெறுமதி உண்டு. அதனைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும், தெரியாமல் அல்ல.

வகைகள் நிலையானவை அல்ல

ஒரு முறை வகைப்படுத்திவிட்டு அதனைச் சுவரில் ஒட்டி வைப்பதே பலர் விடும் அடுத்த தவறு. டீசல் இதற்குச் சிறந்த உதாரணம். நீண்ட காலமாக அது எரிபொருள் நிலையத்தில் எவரும் வாங்கக் கூடிய பொருளாக இருந்தது. 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடியில் நாடெங்கும் வரிசைகள் நீண்டன. ஜூன் மாத இறுதியில் எரிபொருள் விற்பனை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் கியூஆர் குறியீட்டின் வழியே பங்கீடு நடைமுறைக்கு வந்தது. பணம் இருந்தும் பொருள் இல்லை என்ற நிலையில், டீசல் சில வாரங்களுக்குள் உயிர்நாடிப் பொருளாக மாறியது. பங்கீடு பின்னர் நீக்கப்பட்டது. ஆனால் மின்தடை நேரும் இரவில் பிறப்பாக்கி எத்தனை மணித்தியாலம் ஓடும் என்ற கணக்கை எந்தப் பண்ணையும் அன்றிலிருந்து மறந்திருக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பட்டியலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னரே சில அறிகுறிகள் தென்படும். வழக்கமாக இரண்டு நாளில் வந்த பொருள் ஐந்து நாளில் வருதல், வழங்குநர் முற்பணம் கேட்கத் தொடங்குதல், கேட்ட அளவில் பாதியே அனுப்புதல் ஆகியவை பொருள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு நகர்வதைக் காட்டுகின்றன. விலை உயர்வு பெரும்பாலும் இவற்றுக்குப் பிறகே வரும்.

வழங்குநரின் எண்ணிக்கையைக் கண்டு ஏமாறுவதும் வழக்கமான தவறு. வாழைச்சேனையில் ஒரு கடை, மட்டக்களப்பில் ஒரு கடை என இரு வழங்குநர் இருப்பதாக நாம் ஆறுதல் அடையலாம். இருவரும் கொழும்பிலுள்ள ஒரே இறக்குமதியாளரிடம் எடுப்பவர்களாயின், உண்மையில் நமக்கு இருப்பது ஒரே வழங்குநர்தான். "உங்களுக்கு இது எங்கிருந்து வருகின்றது?" என்ற கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்பதற்குக் காசு செலவாவதில்லை.

இறுதியாக, இம்முறையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இது வாங்குபவரின் பக்கத்திலிருந்து வரையப்பட்ட படம். நமக்கு உயிர்நாடியான பொரிப்பகத்துக்கு நாம் நூறு வாடிக்கையாளருள் ஒருவராக, அதுவும் தொலைவிலுள்ள சிறியவராக இருக்கக்கூடும். குஞ்சு தட்டுப்பாடாகும் வாரத்தில் அவர் யாருக்கு முதலில் அனுப்புவார் என்பதை நமது பட்டியல் தீர்மானிக்காது. அதனை மாற்றக்கூடியது ஒன்றுதான். பத்துப் பண்ணைகள் ஒரே திகதித் திட்டத்துடன் ஒன்றாகக் கேட்குமானால், இரண்டு இலட்சம் குஞ்சு கேட்கும் பத்துச் சிறியவர்களுக்குப் பதிலாக இருபது இலட்சம் கேட்கும் ஒரு பெரிய வாடிக்கையாளரை அப்பொரிப்பகம் காணும். அவ்வாறு கேட்பதற்கு முன்னர், யாருடைய குளம் எந்த நாளில் ஆயத்தமாகும் என்பதை அந்தப் பத்துப் பேரும் ஒரே இடத்தில் அமர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். கொள்வனவு ஆரம்பமாவது கடை வாசலில் அல்ல, அந்தத் தாளில்தான்.